வடிகலத்தைத் தாண்டி வருவது எது?
தென்னஞ்சாராயத்தின் சுவையும் மொலாசஸ் ரம்மின் சுவையும்

கேள்வி

தென்னம்பாளையில் ஊறும் நீரில் இருக்கும் முதன்மையான சர்க்கரை சுக்ரோஸ். கரும்பாலையில் சீனியைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கழிவுப்பாகான மொலாசஸிலும் முதலிடம் சுக்ரோஸுக்கே. ஈஸ்ட் இந்தச் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்து எத்தனாலாக மாற்றுகிறது. தென்னையிலிருந்து வந்த எத்தனாலையும் கரும்பிலிருந்து வந்த எத்தனாலையும் நாக்கால் பிரித்தறிய முடியாது. அப்படியிருக்க, இலங்கையின் தென்னஞ்சாராயமும் மொலாசஸ் ரம்மும் வெவ்வேறாக மணப்பது ஏன்?

இதற்கு மதுவிற்பனை விளம்பரங்களும் பயணக்கட்டுரைகளும் ஒரு சுலபமான விடை வைத்திருக்கின்றன. ரம்மில் வெல்லப்பாகின் இனிப்பு தங்கியிருக்கிறது, தென்னஞ்சாராயத்தில் தேங்காயின் சாயல் இருக்கிறது என்பதே அந்த விடை. அதன் இரு பாதிகளும் தவறு. சர்க்கரை ஆவியாவதில்லை, கொதிகலனில் என்ன இனிப்பு இருந்தாலும் அது அடியிலேயே தங்கிவிடும். தேங்காயின் மணம் பருப்பில் உள்ள லாக்டோன்கள் என்ற சேர்மங்களால் வருவது. பாளைநீருக்கும் தேங்காய்ப் பருப்புக்கும் பொதுவானது மரம் மட்டுமே. வேடிக்கை என்னவென்றால், தேங்காய் மணம் ரம்மில்தான் அதிகம் தென்படுகிறது. அமெரிக்க ஓக் பீப்பாயில் ஊறிய ரம்முக்கு அந்த மரத்தின் லாக்டோன் தேங்காயை நினைவூட்டும் வாசனையைத் தருகிறது.

ஆகவே கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். சர்க்கரையோடு கூடவே வரும் சர்க்கரையல்லாத பொருள்கள் எவை? அவற்றுள் எவை வடிகலத்தைத் தாண்டுகின்றன? என் வாதம் இது: சுவையைத் தீர்மானிப்பதில் சர்க்கரையின் தாவர மூலத்தைவிட, அந்தச் சர்க்கரை நொதிப்பதற்கு முன் பட்ட வெப்பமும் நொதிக்கும்போது அதில் குடியேறிய நுண்ணுயிர்களும் பெரியவை. தாவரத்தின் பங்கு பெரும்பாலும் இவ்விரண்டின் வழியாகவே வந்து சேர்கிறது.

பாளையிலிருந்து கொப்பரை வரை

இலங்கையின் தென்மேற்குக் கரையில், வாத்துவை முதல் பேருவளை வரையான தென்னந்தோப்புகளில், சீவுதொழிலாளர்கள் மரத்துக்கு மரம் கட்டிய தும்புக் கயிறுகளின் மேல் நடந்து போகிறார்கள். விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாக அரிந்து, கீழே முட்டியைத் தொங்கவிடுவார்கள். சொட்டும் நீரில் ஏறத்தாழ 12 முதல் 16 விழுக்காடு வரை சுக்ரோஸ் இருக்கும். புதிதாக விழும் துளி ஏறத்தாழ நடுநிலையானது, புளிப்பில்லை. அமினோ அமிலங்களும் உயிர்ச்சத்துகளும் அதில் இருப்பதால் ஈஸ்டுக்கு வெளியிலிருந்து உணவு போட வேண்டிய தேவையே இல்லை.

இங்கே தொழில்நுட்பத்தின் மையம் முட்டிதான். முந்தைய கள்ளின் எச்சம் ஒட்டிய முட்டி, தானாகவே ஒரு புரைக்குத்து. காற்றிலும் பாளையிலும் பூச்சிகளின் காலிலும் இருக்கும் நுண்ணுயிர்களும் சேர, நொதித்தல் மரத்தின் உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது. சுண்ணாம்பு தடவினால்தான் அது நிற்கும். பதநீர் இறக்குபவர்கள் செய்வது அதைத்தான். கள்ளுக்கு அதைச் செய்வதில்லை.

இந்த இயல்பான நொதித்தலை அற்புதராஜா, விதானபத்திரண, சமரஜீவ ஆகிய மூவரும் ஆராய்ந்து, 1986-இல் 'ஃபுட் மைக்ரோபயாலஜி' இதழில் வெளியிட்டார்கள். அதன்படி நொதித்தல் மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் லாக்டிக் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு நீரைப் புளிக்கவைக்கின்றன. பிறகு ஈஸ்டுகள் ஆதிக்கம் பெற்று ஆல்கஹாலைத் தருகின்றன. கடைசியில் அசிட்டிக் பாக்டீரியாக்கள் அந்த ஆல்கஹாலையே தின்று காடியாக்குகின்றன. கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்தவை. கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. வடிசாலைக்கு வேண்டியது இரண்டாம் கட்டத்தின் முடிவு. மூன்றாம் கட்டம் முற்றுவதற்குள் கள் கொப்பரை ஏறியாக வேண்டும்; அதாவது இறக்கிய ஒரு நாளைக்குள்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பாளைநீரில் 140 கிராம் சுக்ரோஸ் இருப்பதாகக் கொள்வோம். அது முழுவதும் எத்தனாலானால் சுமார் 95 மில்லிலிட்டர் கிடைக்க வேண்டும். ஈஸ்ட் தன் வளர்ச்சிக்கும் கிளிசராலுக்கும் எடுத்துக்கொள்வதைக் கழித்தால் 85 மில்லிலிட்டர், அதாவது 8.5 விழுக்காடு. ஆனால் நடைமுறையில் கள்ளின் ஆல்கஹால் பெரும்பாலும் 6 அல்லது 7 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. மிச்சச் சர்க்கரை எங்கே போயிற்று? சிறிதளவு நொதிக்காமல் கிடக்கலாம். பெரும்பகுதியை லாக்டிக், அசிட்டிக் பாக்டீரியாக்களும் பிற நுண்ணுயிர்களும் அமிலங்களாக மாற்றிவிட்டன. கணக்குப் பிள்ளைக்கு இது இழப்பு. ஆனால் தென்னஞ்சாராயத்தின் மணத்தைத் தேடுபவர் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பற்றாக்குறைதான்.

ஏனென்றால் அமிலமும் எத்தனாலும் சேர்ந்தால் எஸ்டர் பிறக்கிறது. லாக்டிக் அமிலத்திலிருந்து எத்தில் லாக்டேட் வருகிறது. அது மென்மையான, பால்மணம் கலந்த, கனமான சாயலைத் தரும். அசிட்டிக் அமிலத்திலிருந்து வரும் எத்தில் அசிட்டேட், அளவாக இருந்தால் பழ வாசனை. மிஞ்சினால் நகப்பூச்சின் நெடி. கள் ஒரு நாளைத் தாண்டிக் கிடந்ததா என்பதை வடித்த சாராயத்தை முகர்ந்தே சொல்லிவிடலாம்: மூக்கின் நுனியைக் கிள்ளும் அந்த நெடி முதலில் வந்து, அதன் பின்னால் வேறு எதுவும் வராது. வடிப்பின் முதற்பகுதியை அதிகமாக வெட்டி எறிந்து இதைக் குறைக்கலாம். ஆனால் அதோடு நல்ல பழ எஸ்டர்களும் போய்விடும்.

அமினோ அமிலங்களின் பங்கும் இங்கே பெரிது. ஈஸ்ட் அவற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொண்டு, எஞ்சிய கார்பன் எலும்புக்கூட்டைக் கனமான ஆல்கஹாலாக வெளியே தள்ளுகிறது. லூசின் ஐசோஅமைல் ஆல்கஹாலாகிறது. ஃபீனைல் அலனின் ரோஜா மணமுள்ள ஃபீனைல் எத்தனாலாகிறது. பாளைநீரில் இந்த அமினோ அமிலங்கள் மரம் தந்த அளவிலேயே இருக்கின்றன. தாவரத்தின் நேரடிக் கையெழுத்து என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஆனால் இந்த ஆல்கஹால்கள் எல்லா மதுவிலும் உண்டு. மாறுவது விகிதம் மட்டுமே.

ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையின் கள்ளை லசேகானும் அவருடைய கூட்டாளிகளும் 2007-இல் ஆராய்ந்தபோது, முக்கிய மணப்பொருள்களில் ஒன்றாக 2-அசிட்டைல்-1-பைரோலின் வெளிப்பட்டது. பாசுமதி அரிசிக்கும், இலங்கைச் சமையலில் இடும் ரம்பை இலைக்கும் மணம் தருவது இதே சேர்மம்தான். அது வேறு மரம், வேறு நிலம்; அந்த முடிவை அப்படியே தென்னைக்கு மாற்றிவிடக் கூடாது. ஆனாலும் பனையினக் கள்ளில் சிலர் உணரும் சோற்றுக்கஞ்சி வாசனைக்கு எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

மொலாசஸ்: கொதித்து முடிந்த மூலப்பொருள்

மொலாசஸின் கதை நேரெதிரானது. கரும்புச்சாற்றைச் சுண்ணாம்பிட்டுத் தெளியவைத்து, காய்ச்சிச் சுண்டவைத்து, மீண்டும் மீண்டும் சீனியைப் படியவைத்துப் பிரித்த பின் எஞ்சும் கரிய பாகு அது. அதன் எடையில் பாதியளவு இன்னும் சர்க்கரைதான். மீதியில் நீர், சாம்பல் உப்புகள், பிசின்கள், மற்றும் நீண்ட வெப்பத்தில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து உண்டான பழுப்புப் பொருள்கள் உள்ளன. ஈஸ்டுக்குப் பயன்படும் நைட்ரஜன் அந்த வெப்பத்தில் பெரிதும் கெட்டுவிட்டது. ஆகவே மொலாசஸை நீர்விட்டு ஐந்தில் ஒரு பங்கு அடர்த்திக்கு இளக்கி, கந்தக அமிலத்தால் புளிப்பைச் சரிசெய்து, யூரியாவோ அம்மோனிய உப்போ சேர்த்து, வளர்த்த ஈஸ்டை இடுகிறார்கள். ஈஸ்ட் தனக்கு வேண்டிய நைட்ரஜனை உப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது அமினோ அமிலத்தைத் தேடிப் போவதில்லை. கனமான ஆல்கஹால்கள் வேறு விகிதத்தில் அமைகின்றன.

பாளைநீர் நொதிக்கத் துடிக்கிறது. மொலாசஸைத் தூண்ட வேண்டியிருக்கிறது. இந்த வேற்றுமை வெறும் வசதி சார்ந்ததல்ல. மொலாசஸ் மாதக்கணக்கில் தொட்டியில் கிடக்கும், கப்பலேறும். வடிப்பவருக்கு நேரம் கையிலிருப்பதால், எந்த ஈஸ்ட், எத்தனை நாள் என்பதை அவரே தீர்மானிக்கலாம். கள்ளை வடிப்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

வெப்பம் கெடுத்தது மட்டுமில்லை, கொடுத்ததும் உண்டு. ரம்மின் மணத்தைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் பீட்டா-டமாஸ்கினோன். தாவரங்களின் மஞ்சள் நிறமிகள் சிதைந்து பிறக்கும் சேர்மம் இது. காய்ச்சிய ஆப்பிள், உலர்பழம், தேன் ஆகியவற்றை நினைவூட்டும். நீரில் இதை உணர ஒரு லிட்டருக்கு ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. மூலப்பொருளிலிருந்து முடிவு வரை ஒரு ரம்மைப் பின்தொடர்ந்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஃப்ரானிட்ஸா, கிரான்வோகல், ஷீபர்லெ ஆகியோர் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, இச்சேர்மம் காய்ச்சி வடிக்கும்போது இன்னும் உயர்வதைக் காட்டியது. வெப்பத்தில் உடைந்து இதைத் தரும் முன்னோடிப் பொருள்கள் நொதித்த சாற்றிலேயே காத்திருக்கின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். ரம்மில் நாம் 'வெல்ல வாசனை' என்று சொல்வதில் வெப்பம் கண்ட கரும்பின் நிறமிகளுக்கு ஒரு பங்கு உண்டு, சர்க்கரைக்கு இல்லை.

இரண்டு எதிர்ச்சான்றுகள்

சர்க்கரையின் மூலமே சுவையை முடிவு செய்கிறது என்ற கருத்தைச் சோதிக்க இரண்டு மதுக்கள் உதவுகின்றன. முதலாவது கரீபியத் தீவான மார்த்தினிக்கின் ரும் அக்ரிகோல். 1996 முதல் பிரெஞ்சுப் புவிசார் பெயர்ப் பாதுகாப்பில் இருக்கும் இது, மொலாசஸில் செய்யப்படுவதில்லை. பிழிந்த கரும்புச்சாற்றையே நேரடியாக நொதிக்கவைத்து வடிக்கிறார்கள். செடி அதே கரும்பு. ஆனால் சுவையில் பச்சைப்புல், கரும்புத்தோகை, மிளகு. மொலாசஸ் ரம்மைப் பழகிய ஒருவரிடம் பெயரைச் சொல்லாமல் கொடுத்தால், இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்தவை என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார். சுண்டவைக்கும் வெப்பம் ஒன்றை நீக்கியதும், ஒரே மூலம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

இரண்டாவது ஜாவாவின் பத்தாவியா அரக்கு. பெயரில் இது தென்னஞ்சாராயத்தின் உறவு. மூலப்பொருளில் மொலாசஸ் ரம்மின் உறவு. ஆனால் நொதிக்கவைக்க, சிவப்பரிசியை நுண்ணுயிர்களோடு புளிக்கவைத்துச் செய்த புரையை இடுகிறார்கள். கிடைப்பது எஸ்டர் மிகுந்த, புகையும் காரமும் கலந்த ஒரு மது. கரீபிய இளம் ரம் எதையும் ஒத்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டில் சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வடக்கே போன இச்சாராயம்தான் அந்நாட்டின் 'புன்ஷ்' என்ற இனிப்பு மதுவுக்கு அடிப்படை ஆயிற்று. இங்கே மூலம் மாறவில்லை. நுண்ணுயிர் மாறியது, சுவையும் மாறியது.

ஜமைக்காவையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே சில வடிசாலைகள் முந்தைய வடிப்பின் கசடுநீரையும், குழியில் அழுகவிட்ட பாக்டீரியாச் சேற்றையும் மொலாசஸில் கலந்து, வாரக்கணக்கில் நொதிக்க விடுகின்றன. 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,600 கிராம் வரை எஸ்டர் ஏறுகிறது. மெல்லிய ரம்களிலோ சில பத்துக் கிராம்களே இருக்கும். கள் முட்டியில் பாக்டீரியாக்கள் ஒரே நாளில் கேட்காமல் செய்வதை, ஜமைக்கா வாரங்கள் செலவிட்டுச் செய்விக்கிறது.

இவற்றிலிருந்து பனஞ்சர்க்கரை பற்றி ஓர் ஊகமும் கிடைக்கிறது. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி, அதைக் கரைத்து, வளர்த்த ஈஸ்டால் நொதிக்கவைத்து வடித்தால், அது கள்ளில் வடித்த சாராயத்தைவிட ரம்முக்கு அருகில் மணக்க வேண்டும். மரம் பனை என்பது அங்கே பின்னுக்குப் போய்விடும்.

எவ்வளவு உயரத்துக்கு வடிப்பது?

இதுவரை சொன்ன எல்லா மணமும் வடிகலத்தில் பறிபோகலாம். செப்புக் கொப்பரையில் இருமுறை வடித்தால் 60, 70 விழுக்காட்டு ஆல்கஹாலோடு எஸ்டர்களும் கனமான ஆல்கஹால்களும் சேர்ந்து வரும். தட்டுகள் அடுக்கிய நெடுந்தூணில் 95 விழுக்காடு வரை ஏற்றினால், நீரும் எத்தனாலும் தவிர மற்றவை ஏறத்தாழ எல்லாம் நீங்கிவிடும். அதன் பிறகு அது கள்ளா, கரும்பா, அரிசியா என்று மூக்கு சொல்லாது. இந்தியாவில் ரம் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி இந்த நடுநிலைச் சாராயத்தில் கருகிய சர்க்கரைச் சாயமும் வாசனைச் சேர்ப்பும் இட்டுச் செய்யப்படுவது. 1987-இல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்ட தமிழ்நாட்டில், 'ரம்மின் சுவை' என்று ஒரு தலைமுறை பழகியது பெரும்பாலும் சாயத்தின் கசப்பையும் வனிலாவையும்தான். அதைக் கரும்பின் சுவை என்பது கரும்புக்குச் செய்யும் அநியாயம்.

மரமும் தன் பங்கைச் செய்கிறது. இலங்கையில் சாராயம் ஊறுவது பெரும்பாலும் ஹல்மில்ல மரத் தொட்டிகளில். 'திருகோணமலை மரம்' என்று வணிகத்தில் பெயர்பெற்ற உள்நாட்டு மரம் அது. கரித்த ஓக் பீப்பாயைப் போல வனிலாவையும் தேங்காய் லாக்டோனையும் அது கொட்டுவதில்லை. தொட்டியும் பெரிது; ஒரு லிட்டருக்கு உரசும் மரப்பரப்பு குறைவு. இதனால் நொதித்தலில் பிறந்த மணங்கள் மரத்தால் மூடப்படாமல் நிற்கின்றன. ஓக்கில் ஊறிய ரம்மோடு ஹல்மில்லயில் ஊறிய சாராயத்தை வைத்து, இது தென்னை, அது கரும்பு என்று முடிவு கட்டுபவர்கள் உண்மையில் இரண்டு மரத்தொட்டிகளை ஒப்பிடுகிறார்கள். நேர்மையான ஒப்பீடு வேண்டுமானால், இரண்டையும் வடித்தவுடன், மரம் படாமல், ஒரே வலிமைக்கு, 20 விழுக்காடு அளவுக்கு, நீர்விட்டு இளக்கி முகர வேண்டும். நீர் ஆல்கஹாலின் எரிச்சலைத் தணித்து எஸ்டர்களை மேலே கொண்டுவரும். குடித்து முடித்த குவளையை மறுநாள் காலை முகர்ந்து பார்ப்பதும் நல்ல சோதனை: நடுநிலைச் சாராயத்தில் எதுவும் எஞ்சாது, கொப்பரையில் வடித்ததில் கனமான மணம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கலப்பும் கார்பனும்

ஒப்பீட்டைக் குழப்பும் பெரிய காரணம் இன்னும் மிச்சம். 750 மில்லிலிட்டர், 37 விழுக்காட்டு வலிமையுள்ள ஒரு போத்தலுக்கு 280 மில்லிலிட்டர் எத்தனால் வேண்டும். 6 விழுக்காட்டுக் கள்ளிலிருந்து அதை எடுக்க, இழப்பைச் சேர்க்காமலே 4.6 லிட்டர் தேவை. ஒரு மரத்தின் இரண்டு மூன்று நாள் ஊற்று அது; ஒவ்வொரு நாளும் ஒருவர் கயிற்றில் நடந்தாக வேண்டும். அதே எத்தனாலுக்கு மொலாசஸ் ஒன்றேகால் கிலோ போதும். இந்த வேறுபாட்டின் அழுத்தத்தில், அரக்கு என்ற பெயரில் சந்தைக்கு வருபவற்றில் பல, சிறிதளவு தென்னஞ்சாராயத்தோடு நடுநிலைச் சாராயம் கலந்தவை. அவற்றைச் சுவைத்துத் தென்னையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நாக்கால் முடியாததைக் கார்பன் அணு செய்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கரிவளியைப் பிடிக்கும் முறை வேறு. தென்னை, பனை, நெல், கோதுமை ஆகியவற்றின் முறை வேறு. கனமான கார்பன்-13 அணுவை இரண்டாம் கூட்டம் அதிகம் ஒதுக்கிவிடுகிறது. ஆய்வகங்கள் இதை ஆயிரத்தில் இத்தனை என்று ஓர் ஒப்பளவோடு வைத்து அளக்கின்றன. முழு எண்களாகக் கொண்டால், கரும்பு எத்தனால் மைனஸ் 12-ஐ ஒட்டியும், தென்னை எத்தனால் மைனஸ் 27-ஐ ஒட்டியும் இருக்கும். ஒரு போத்தலின் எத்தனால் மைனஸ் 15 என்று வந்தால், கரும்பிலிருந்து 3 அலகு விலகியிருக்கிறது. மொத்த இடைவெளி 15. ஐந்தில் ஒரு பங்குதான் தென்னை. சர்க்கரையின் மூலம் எத்தனாலுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஆனால் சுவையாகப் பதியவில்லை.

இச்சோதனைக்கும் ஓட்டை உண்டு. கலப்பவர் மொலாசஸுக்குப் பதில் அரிசியிலோ மரவள்ளியிலோ எடுத்த நடுநிலைச் சாராயத்தை ஊற்றினால், அதுவும் தென்னையின் கூட்டத்தைச் சேர்ந்ததால் எண் மைனஸ் 27-ஐ விட்டு அதிகம் நகராது. யாழ்ப்பாணத்தின் பனஞ்சாராயத்தைத் தென்னஞ்சாராயத்திலிருந்து பிரிக்கவும் இந்த எண் உதவாது. அங்கே மறுபடியும் மணச் சேர்மங்களிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. நடுநிலைச் சாராயத்தில் எத்தில் லாக்டேட்டும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் அருகிவிட்டதால், கலப்பு கூடக்கூட இரண்டும் ஒரே வீதத்தில் குறையும். தொட்டியில் ஏறுவதற்கு முன் வடிசாலையிலேயே எடுத்து வைத்த மாதிரி ஒன்று கையில் இருந்தால் மட்டுமே அந்தக் குறைவை அளக்க முடியும். ஊறும் காலத்தில் எஸ்டர்களும் தாமாக மாறுகின்றன என்பதால், போத்தலை மட்டும் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுவது நம்பத்தக்கதல்ல.